ஓய்வுக்காலப் பணத்துக்கு "சராசரி 8 சதவீதம்" என்று அட்டவணை காட்டினால் உஷார்

ஓய்வு பெற்ற கையோடு எனக்கு வந்த தொகை முழுவதையும் ஒரு நிதி ஆலோசகர் பங்குச் சந்தை ஃபண்டில் போட வைத்தார். வருடா வருடம் அதில் 6 சதவீதம் எடுத்துச் செலவு செய்யலாம், முதல் குறையவே குறையாது என்பது அவர் கணக்கு. அதற்கு ஆதாரமாக ஓர் எக்செல் அட்டவணை காட்டினார். வருமானம் என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை 8, 8, 8 என்று ஒரே எண். எந்தச் சந்தையும் அப்படி நடக்காது. கோளாறு அந்தப் பத்தியில்தான் இருந்தது.

போட்ட தொகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்களையும் முழுமையாக்கிச் சொல்கிறேன். முதல் வருடம் சந்தை 20 சதவீதம் இறங்கியது. அடுத்த வருடம் இன்னொரு 15. அப்புறம் 10, 20, 25, 28 என்று ஏறியது. ஆறு வருடத்தையும் கூட்டி வகுத்தால் சராசரி சரியாக 8. அவர் சொன்னது வந்துவிட்டது! ஆனால் ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 6 எடுத்தது போக, அவருடைய அட்டவணைப்படி கையில் சுமார் 111 இருக்க வேண்டும். இருந்தது 83.

இதே ஆறு வருமானங்களைத் தலைகீழாக, நல்ல வருடங்கள் முதலில் வருவதாகப் போட்டுப் பார்த்தேன். 109 தாண்டுகிறது. பணமே எடுக்காமல் விட்டிருந்தால் எந்த வரிசையிலும் 144 வரும், ஏனென்றால் பெருக்கலுக்கு வரிசை முக்கியமில்லை. பணம் எடுக்கத் தொடங்கியதும்தான் வரிசை முக்கியமாகிறது.

ஏன் என்பது யூனிட் கணக்கில், அதாவது ஃபண்டில் நாம் வாங்கும் பங்குகளின் எண்ணிக்கையில், தெளிவாகத் தெரியும். தொடக்கத்தில் யூனிட் விலை 1, என்னிடம் 100 யூனிட். முதல் வருடச் செலவுக்கு 6 யூனிட் விற்றால் போதும். விலை 0.80 ஆனதும் அதே 6 ரூபாய்க்கு ஏழரை யூனிட் விற்க வேண்டியிருந்தது. 0.68 ஆனபோது ஏறக்குறைய 9. மூன்றே தவணையில் 22 யூனிட் போய்விட்டது. பிறகு விலை 1.44 வரை ஏறியது, தொடங்கிய இடத்தைவிட நல்ல உயரம்தான். ஆனால் மலிவாக விற்ற யூனிட்டுகள் அந்த ஏற்றத்தில் பங்குபெற என்னிடம் இல்லை. நடுவில் தொகை 59க்கு இறங்கியிருந்த நேரத்தில், 6 எடுப்பது 6 சதவீதமல்ல, 10 சதவீதத்துக்கும் மேல். விலைவாசிக்கு ஏற்ப எடுப்பதைக் கூட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதே இறக்கம் ஓய்வின் இருபதாவது வருடத்தில் வந்திருந்தால் இவ்வளவு அடி விழாது. நடுவில் பணம் வளர்ந்திருக்கும், இனி ஓட்ட வேண்டிய வருடங்களும் குறைவு. சம்பாதிக்கும் வயதில் மாதாமாதம் போடுகிறவர்களுக்கு ஆரம்ப இறக்கம் லாபம்கூட, மலிவாக வாங்கலாம். ஆலோசகர்கள் அந்த வயதுப் பாடத்தையே ஓய்வு பெற்றவரிடமும் ஒப்பிக்கிறார்கள். "சந்தை திரும்பும் சார், எடுப்பதைத் தொடருங்கள்" என்றுதான் என்னிடமும் சொன்னார். சந்தை திரும்பியது, அதில் பொய்யில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994லேயே பழைய சந்தைத் தரவுகளை வைத்து, எந்த வருடத்தில் ஓய்வு பெற்றவருக்குப் பணம் எத்தனை வருடம் தாங்கியது என்று கணக்கிட்டார். 1960களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றவர்கள்தான் மிக மோசமாகச் சிக்கினார்கள். தொடக்கத்திலேயே மந்தச் சந்தை, கூடவே விலையேற்றம். அதனால்தான் முதல் வருடம் 4 சதவீதம் அளவுக்கு எடுப்பதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு வந்தார். என்னை 6 எடுக்கச் சொன்னவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவருடைய கட்டணம் ஃபண்டில் இருக்கும் தொகையின் சதவீதம் என்பதால், கொஞ்சத்தை வங்கி வைப்பு நிதியில் வைக்கச் சொல்வதில் அவருக்கு ஆதாயமும் இல்லை.

இரண்டு மூன்று வருடச் செலவுப் பணத்தைத் தனியே வைப்பு நிதியில் வைத்திருந்தால், இறக்கத்தில் யூனிட் விற்காமல் அதிலிருந்து எடுத்திருக்கலாம். நல்ல வருடங்களில் அந்தப் பணம் குறைவாகத்தான் வளரும், பத்து வருட மந்தத்துக்கு அது போதவும் போதாது. அப்போது எடுப்பதையே குறைக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டியவர் அவர்.

உங்களிடம் யாராவது இப்படி அட்டவணை நீட்டினால், முதல் வரியில் -20, இரண்டாவதில் -15 என்று அங்கேயே தட்டச் சொல்லுங்கள். ஒரே செல்லில் இருக்கும் 8 எல்லா வரிக்கும் போகும்படி செய்திருந்தாலும், அந்தந்த வரியில் இருப்பதை அழித்துவிட்டு அவரால் தட்ட முடியும். பின்னாளில் நான் கேட்டபோது, "அப்படியெல்லாம் பார்த்தால் யாருமே முதலீடு செய்ய முடியாது சார்" என்று மடிக்கணினியை மூடிவிட்டார். மிச்சத் தொகையை அவரிடமிருந்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். எடுப்பதையும் 4க்குக் குறைத்தாயிற்று.