நித்திரை குழம்பும் நாட்களில் தூக்கும் எடையைக் குறைப்பதா, செட்டைக் குறைப்பதா?

மகளுக்கு மூன்று மாதம்; இரவில் மூன்று தரமாவது எழும்புவாள். அதற்கு முன் வெள்ளவத்தையில் ஒரு ஜிம்மில் 100 கிலோ ஸ்குவாட், 5 செட், செட்டுக்கு 5 தரம் செய்துவந்தேன். இரண்டு வழிகளையும் நான்கு கிழமை வீதம் செய்து பார்த்தேன்.

நேரம்: முதல் வழி, எடையைக் குறைப்பது: 70 கிலோவில் அதே 5 செட், 40 நிமிடம். இரண்டாவது வழி, செட்டைக் குறைப்பது: 90 கிலோவில் 3 தரம் ஒரு செட், அப்புறம் 75 கிலோவில் 5 தரம் ஒரு செட், வார்ம்-அப்போடு 25 நிமிடம்.

களைப்பு: முதல் வழியில் மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறத் தொடை வலித்தது. இரண்டாவதில் அப்படி இல்லை. களைப்பைக் கூட்டுவது பெரும்பாலும் செட்களின் எண்ணிக்கைதான்.

பலம்: 70 கிலோவோடு நின்றபின் 95 கிலோ மலையாகத் தெரிந்தது. பாரத்துக்கு உடம்பு பழகியிருக்கக் கிழமைக்கு ஓரிரு கனமான செட் போதும்.

ஆனால் வார்ம்-அப்பில் 80 கிலோவே மெதுவாக எழும்பினால் அன்று 90 வேண்டாம். 75 கிலோ செட்டை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

பலத்தைக் காக்க நினைக்கும் அப்பாவுக்கு இரண்டாவது வழி. பாரம் தூக்கப் புதிதாகப் பழகுபவருக்கு முதல் வழி, அதுவும் 3 செட்டோடு. பிள்ளை பெற்ற அம்மா, டொக்டர் சரி சொன்ன பிறகே இரண்டில் ஒன்றைத் தொடங்கலாம்.