நேரம் குறித்து அனுப்பும் செய்திகள்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

வீட்டு இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பராமரித்துத் தருவது என் தொழில். பகலெல்லாம் வேலையிலேயே போய்விடுவதால், வாடிக்கையாளர்களுக்கான வருகை நினைவூட்டல்களையும் பாக்கி நினைவூட்டல்களையும் இரவு 10 மணிக்கு மேல்தான் எழுத முடிகிறது. அந்த நேரத்தில் யாருடைய கைபேசியையும் ஒலிக்கச் செய்யக் கூடாது என்பதற்காகவே, எழுதிய செய்தியை மறுநாளைக்கு நேரம் குறித்து வைக்கும் வசதியைப் பயன்படுத்தத் தொடங்கினேன். நான்கு ஆண்டுகளாக மின்னஞ்சல், குறுஞ்செய்தி, அரட்டைச் செயலி மூன்றிலும் இதைப் பயன்படுத்தி வருகிறேன்.

தொடக்கத்தில் எல்லோருக்கும் காலை 9 மணி என்று வைத்தேன். செய்திகள் போய்ச் சேர்ந்தன, ஆனால் பதில்கள் வரவில்லை. பல வாடிக்கையாளர்களுக்கு அது பயணத்திலோ பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்திலோ இருக்கும் நேரம். திறந்து பார்ப்பார்கள், பிறகு பதில் சொல்லலாம் என்று மூடிவிடுவார்கள், அதன்மேல் வேறு செய்திகள் வந்து குவிந்துவிடும். அவர்கள் எப்போது செய்தியைப் பார்ப்பார்கள் என்பதைக் காட்டிலும், அது கேட்கும் காரியத்தை எப்போது செய்ய முடியும் என்பதே முக்கியம் என்று அப்போது புரிந்தது. நேரத்தை உறுதி செய்யச் சொல்லும் செய்தியை முற்பகல் 11 மணியளவிலும், பணம் செலுத்தக் கேட்கும் செய்தியை மாலை வேலை முடியும் தறுவாயிலும் அனுப்பத் தொடங்கிய பிறகு பதில்கள் சீராக வந்தன. ஒவ்வொருவரும் தாமாக எனக்கு எழுதும் நேரத்தைக் கவனித்து, அவரது பெயருக்கு அருகில் குறித்தும் வைத்துக்கொள்கிறேன். இதைவிட நம்பகமான வழிகாட்டி எனக்குக் கிடைக்கவில்லை.

நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் தவறு நேரக்கூடும் என்பதை என் பெரியம்மாவின் வழியாகத்தான் அறிந்தேன். தனியாக வசிக்கும் அவருக்கு மதிய உணவுக்குப் பின் கிடைக்கும் ஓய்வு வேளையே வசதியானது என்பதால், ‘உங்கள் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது, நேரம் கிடைக்கும்போது கூப்பிடுங்கள்’ என்று எழுதி, மறுநாள் 12.30-க்குக் குறித்து வைத்தேன். செயலியில் 12 மணி நேரக் கடிகாரம் இருந்தது. பிற்பகலைக் குறிக்கும் PM-க்குப் பதிலாக AM தேர்வாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. நள்ளிரவு கடந்து அரை மணி நேரத்தில் செய்தி போய்விட்டது. அறிக்கையில் கவலைப்படும்படி ஒன்றும் இல்லை, ஆனால் அதை நான் எழுதவில்லை. விடிந்ததும் கூப்பிட்டவர், “என்னப்பா, ராத்திரியிலேயே சொல்ல வேண்டிய அளவுக்கு என்ன இருக்கு அதிலே?” என்று கேட்டபோது, அவர் அந்த இரவு உறங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. பெரியவர்களைப் பொறுத்தவரை, செய்தி வந்த நேரமும் செய்தியின் ஒரு பகுதியாகவே படிக்கப்படுகிறது. அகால வேளையில் வரும் சாதாரணச் செய்திகூடக் கெட்ட செய்தியாகத் தோன்றும். அன்றே கைபேசியை 24 மணி நேரக் கடிகாரத்துக்கு மாற்றினேன். அதில் பிற்பகல் 12.30 என்பது 12:30, நள்ளிரவு 12.30 என்பது 00:30, குழப்பத்துக்கு இடமில்லை. நல்ல செய்தியானால் ‘நல்ல செய்திதான்’ என்பதை முதல் வரியிலேயே எழுதுவதும் அன்றிலிருந்து வந்த பழக்கம்.

அடுத்து நான் பட்டுத் தெரிந்துகொண்டது, குறித்து வைத்த செய்தி எங்கே காத்திருக்கிறது என்பது. சில சேவைகளில் அது நிறுவனத்தின் சர்வரில் இருக்கும், நம் கைபேசி அணைந்திருந்தாலும் புறப்பட்டுவிடும். ஜிமெயிலும் டெலிகிராமும் அத்தகையவை. வேறு சில குறுஞ்செய்திச் செயலிகளில் அது நம் கைபேசியிலேயே இருக்கும். குறித்த நேரத்தில் கைபேசி இயங்கிக்கொண்டும் இணைப்பில் இருந்தும் ஆக வேண்டும். ஒருநாள் மாலை 5 மணிக்குப் போக வேண்டிய ‘இன்று 6 மணிக்கு வருகிறோம்’ என்ற செய்தி, சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்த என் கைபேசியில் சிக்கிக்கொண்டது. இரவு 11 மணிக்கு மின்னேற்றியதும் தானாகப் புறப்பட்டது. ஐந்து மணி நேரத்துக்கு முன்பே நாங்கள் போய்த் திரும்பிவிட்ட வீட்டுக்கு, படுக்கப் போகும் வேளையில் அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்தது.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. வேறொரு கைபேசியில் உள்ள உங்கள் இன்னொரு எண்ணுக்குப் பத்து நிமிடம் கழித்துப் போகுமாறு ஒரு செய்தியைக் குறித்துவிட்டு, உடனே கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். நேரத்துக்குச் செய்தி வந்தால் அது சர்வரில் இருந்தது. வராவிட்டால் உங்கள் கையிலேயே இருந்தது. புதிய செயலி எதையும் இந்தச் சோதனை செய்யாமல் நான் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படுத்துவதில்லை. மேலும், குறித்து வைக்கும் செய்தியில் ‘இன்று’, ‘நாளை’ என்ற சொற்களை முற்றிலும் விட்டுவிட்டேன். ‘14-ஆம் தேதி, செவ்வாய், மாலை 6 மணி’ என்று எழுதினால், செய்தி எவ்வளவு தாமதமாகப் போனாலும் பொய்யாகிவிடாது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்பும்போது இன்னொரு சிக்கல் உண்டு. ஜிமெயிலில் நேரம் குறிக்கும்போது நீங்கள் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறீர்களோ அதன்படியே அஞ்சல் போகும், பெறுபவரின் நேரப்படி அல்ல. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அங்கே காலை 9 மணியாக இருக்கும்படி முன்கூட்டியே குறித்த என் செய்தி, அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர்களுடைய 8 மணிக்குப் போனது. மார்ச் இறுதியில் அதை மீண்டும் முன்னால் வைப்பார்கள். ஆகவே அக்டோபர், மார்ச் மாத இறுதிகளைத் தாண்டிச் செல்லும் எதையும் நான் முன்கூட்டியே குறிப்பதில்லை.

இவையெல்லாம் கவனத்தால் தவிர்க்கக்கூடியவை. எனக்கு இன்றும் தொல்லையாக இருப்பது, காத்திருக்கும் நேரத்தில் நிலைமை மாறிவிடுவதுதான். ஒரு வெள்ளியன்று இரவு, நீண்ட கால வாடிக்கையாளர் ஒருவருக்கு, ‘பாக்கித் தொகை இன்னும் வரவில்லை, தயவுசெய்து கவனியுங்கள்’ என்று எழுதித் திங்கள் மாலைக்குக் குறித்தேன். ஞாயிறு அன்று அவர் முழுத் தொகையையும் செலுத்தி, தாமதத்துக்கு வருந்தி ஒரு வரியும் எழுதியிருந்தார். நானும் நன்றி சொன்னேன். குறித்து வைத்தது நினைவில் இல்லை. திங்கள் மாலை அது, எங்கள் நன்றிப் பரிமாற்றத்துக்கு நேர் கீழே போய் அமர்ந்தது. அவர் ‘மறுபடியுமா?’ என்று மட்டும் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன், ஆனால் அடுத்த முறை அவர் வேறு ஒருவரை அழைத்தார்.

நான் பயன்படுத்திய எதிலும், பதில் வந்ததும் காத்திருக்கும் செய்தி தானாக நிற்கவில்லை. பல செயலிகளில் காத்திருக்கும் செய்தி உரையாடலுக்குள் தெரிவதுமில்லை, தனிப் பட்டியலைத் திறந்தால்தான் தெரியும். அதனால் இப்போது பணம் பற்றிய செய்திகளைக் குறித்து வைப்பதில்லை. வரைவாக எழுதி வைத்து, அனுப்பும் நேரத்தில் கணக்கைப் பார்த்துவிட்டுக் கையால் அனுப்புகிறேன். வருகை நினைவூட்டல்களை மட்டும் குறிக்கிறேன், அதுவும் அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள். காலையில் கடை திறந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் காத்திருப்புப் பட்டியலைத்தான். ரத்தான வருகைகளுக்கான செய்திகளை அப்போதே நீக்கிவிடுகிறேன்.

பெரியம்மாவுக்கு எழுதுவதை இந்த வசதியிலிருந்து அறவே எடுத்துவிட்டேன். அவருக்கு மாலை 4.30 மணிதான் உகந்தது என்று அவரே சொன்னார். கைபேசியில் அந்த நேரத்துக்கு எனக்கே ஒரு நினைவூட்டல் ஒலிக்கும், எழுதுவதும் அனுப்புவதும் அப்போதுதான்.