6.54% அரசுக் கடன் பத்திரம் 2032: மூன்றரை ஆண்டு அனுபவம்

அடுத்த ஆண்டு ஓய்வு பெறவிருக்கும் அலுவலக நண்பர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: "வட்டி இறங்கிக்கிட்டே வருதே சார், இப்ப அரசாங்கப் பத்திரம் வாங்கிப் போடலாமா? நீங்க வெச்சிருக்கீங்களே, எப்படி இருக்கு?" நின்றபடி பதில் சொல்ல முடியாத கேள்வி என்பதால் எழுதுகிறேன். பத்திரம் என்றால் என்ன, முக மதிப்பு என்றால் என்ன என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கு இன்றுவரை ஆறாத ஒரு விஷயத்தை மட்டுமே இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

2022 ஜனவரி 17 அன்று மத்திய அரசு வெளியிட்ட பத்தாண்டுப் பத்திரத்தில் முக மதிப்பு இரண்டு லட்ச ரூபாய்க்கு வாங்கினேன். ஆண்டு வட்டி 6.54 சதவீதம், முதிர்வு 2032 ஜனவரி 17. நூறு ரூபாய் முக மதிப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3 ரூபாய் 27 பைசா வரும். தை மாதத்தில் காணும் பொங்கலை ஒட்டி ஒருமுறையும் ஆடி பிறக்கும்போது ஒருமுறையும் அது வங்கிக் கணக்கில் விழுந்துவிடும். 2025 ஜூலை வரை ஏழு முறை வந்திருக்கிறது. ஒருமுறைகூட நான் விசாரிக்க நேர்ந்ததில்லை. இந்தப் பத்திரத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமானால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

வாங்கும்போது தரகு நிறுவன ஊழியர் "இதில் ஆபத்தே கிடையாது" என்றார். அசலும் வட்டியும் வராமல் போகும் ஆபத்து இல்லை என்ற பொருளில் அவர் சொன்னது சரிதான். ஆனால் இடையில் விற்க நேர்ந்தால் என்ன விலை கிடைக்கும் என்பது வேறு கேள்வி. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வைப்புத்தொகையை முன்கூட்டி முறித்தால் வட்டியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு அசலைத் தந்துவிடுவார்களே, அதைப் போல இதுவும் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

2022 மே 4 அன்று, வழக்கமான கூட்ட அட்டவணைக்கு வெளியே, ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக உயர்த்தியது. ஜூனில் 4.90, ஆகஸ்டில் 5.40 என்று அது ஏறியது. அந்த ஆகஸ்டில்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு லட்ச ரூபாய்ப் பத்திரத்தை விற்க வேண்டியிருந்தது. அதே மாதம் 22ஆம் தேதி அரசு புதிய பத்தாண்டுப் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. அதன் வட்டி 7.26 சதவீதம்.

என் பத்திரத்தின் விலை ஏன் இறங்கியது என்பதற்கான முழு விடையும் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. இரண்டையும் தருவது ஒரே அரசு. முதிர்வும் சில மாத வித்தியாசத்தில் ஒரே ஆண்டுதான். புதிய பத்திரம் நூறு ரூபாய்க்கு ஆறு மாதத்துக்கு 3 ரூபாய் 63 பைசா தருகிறது. என்னுடையது 3 ரூபாய் 27 பைசா தருகிறது. அப்படியிருக்க, என்னுடையதை நூறு ரூபாய் கொடுத்து யார் வாங்குவார்? என் பத்திரத்தில் அச்சான வட்டியை யாராலும் மாற்ற முடியாது. மாறக்கூடியது விலை ஒன்றுதான். ஆகவே, வாங்குபவருக்கு என் பத்திரத்திலிருந்தும் அதே 7.26 சதவீதம் கிடைக்கும் அளவுக்கு விலை இறங்கியாக வேண்டும். சந்தையில் யீல்டு என்று சொல்லும் ஈட்டு விகிதம் இதுதான். அது ஏறுவதும் விலை இறங்குவதும் ஒரே நிகழ்வு. முன்னது வாங்குபவர் பக்கமிருந்து பார்ப்பது, பின்னது விற்பவர் பக்கமிருந்து பார்ப்பது.

எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். கணக்கு எளிதாக இருக்க, 2022 ஜூலை 17 வட்டி வாங்கிய கையோடு நிற்பதாக வைத்துக்கொள்வோம். இன்னும் 19 அரையாண்டுகள் பாக்கி. ஒவ்வொன்றிலும் புதிய பத்திரத்தைவிட என்னுடையதில் 36 பைசா குறைவு. பத்தொன்பதால் பெருக்கினால் 6 ரூபாய் 84 பைசா வரும். ஆனால் விலை அவ்வளவு இறங்காது, ஏனென்றால் அந்தக் குறை முழுவதும் இன்றே ஏற்படுவதில்லை. ஆறு மாதம் கழித்து வரும் முதல் 36 பைசாவின் இன்றைய மதிப்பு, அதை 1.0363 ஆல் வகுத்தால் கிடைக்கும் 34.7 பைசா. இரண்டாவதை அதே எண்ணால் இருமுறை வகுக்க வேண்டும், மூன்றாவதை மும்முறை. இப்படியே போனால் ஒன்பதரை ஆண்டு கழித்து வரும் கடைசி 36 பைசாவுக்கு இன்று 18.3 பைசா மதிப்புதான். பத்தொன்பதையும் கூட்டினால் 4 ரூபாய் 88 பைசா. ஆக, என் நூறு ரூபாய்ப் பத்திரத்தின் விலை 95 ரூபாய் 12 பைசா.

95.12க்கு வாங்குபவருக்கு உண்மையிலேயே 7.26 கிடைக்கிறதா என்று சந்தேகம் வரலாம், எனக்கும் வந்தது. ஆண்டு வட்டி 6.54ஐ 95.12 ஆல் வகுத்தால் 6.88 சதவீதம்தான் வருகிறது. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். மீதி அசலில் இருக்கிறது: 95.12 கொடுத்தவருக்கு 2032இல் முழு நூறு ரூபாய் கிடைக்கும். அந்த 4 ரூபாய் 88 பைசா கடைசி நாளில் திடீரென்று வந்து சேருவதுமில்லை. சந்தை விகிதம் அசையாமல் நின்றால், அடுத்த அரையாண்டில் விலை 95.30 ஆகும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நூறை நோக்கி ஏறும்.

நான் விற்றது ஆகஸ்ட் மாதக் கடைசியில். நான் பெற்ற விலை 94 ரூபாய் 70 பைசா. கணக்குக் காட்டிய விலையைவிட 42 பைசா குறைவு. இந்தச் சந்தையில் பேரங்கள் கோடிகளில் நடக்கின்றன. ஒரு லட்சத்தை எடுத்துக்கொண்டு போகிறவர், எதிரில் யார் என்ன விலை கேட்டு நிற்கிறாரோ அதற்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. விலையோடு, ஜூலை 17 முதல் 42 நாளுக்குச் சேர்ந்திருந்த வட்டி 763 ரூபாய் தனியாக வந்தது. திரையில் தெரியும் விலையில் இந்தச் சேர்ந்த வட்டி அடங்காது என்பதை முதல்முறை விற்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏழு மாதங்களுக்கு முன் ஒரு லட்சம் போட்ட இடத்தில் அசலாக 94,700 ரூபாய் எடுத்தேன். கட்டணத்துக்குக் குறைந்த ஐயாயிரத்துச் சொச்சத்தை வேறிடத்திலிருந்து புரட்டினேன். அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

ஆனால் அதைவிட என்னை அதிகம் உறுத்துவது, அப்போது எல்லோரும் சொன்ன ஆறுதல்தான். "விற்காமல் முதிர்வு வரை வைத்திருந்தால் நட்டமே இல்லை" என்றார்கள். விற்காத மற்ற ஒரு லட்சத்தைப் பற்றி நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பார்த்தபோது அந்த நம்பிக்கை நிற்கவில்லை. விலை குறைந்த அந்த 4 ரூபாய் 88 பைசா எங்கிருந்து வந்தது? பத்தொன்பது முறை குறையப்போகும் 36 பைசாவைக் கூட்டித்தான் வந்தது. விற்றவன் அதை அன்றே ஒரே தொகையாக இழக்கிறான். வைத்திருப்பவன் அதையே ஆடிக்கும் தைக்கும் 36 பைசா 36 பைசாவாக, லட்சத்துக்கு அரையாண்டுக்கு 360 ரூபாயாக, பாக்கியுள்ள ஒன்பதரை ஆண்டு முழுவதும் இழக்கிறான். அவன் கணக்குப் புத்தகத்தில் அது நட்டமாக எழுதப்படுவதில்லை என்பது மட்டுமே வித்தியாசம். 2022 ஜனவரியில் 6.54க்குப் பணத்தைக் கட்டிப்போட்டபோதே, பின்னால் விகிதம் ஏறினால் வரும் குறையும் என்னுடையதாகிவிட்டது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே கணக்கு இப்போது எனக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் 6.50 வரை ஏறிய ரெப்போ 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கி, ஜூனில் 5.50க்கு வந்துவிட்டது. 2025 ஜூலை வட்டி வாங்கிய பின் எனக்குப் பாக்கி 13 அரையாண்டுகள். என் பத்திரம் போன்றவற்றுக்குச் சந்தை 6.20 சதவீதம் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், என்னுடையது ஒவ்வொரு முறையும் 17 பைசா அதிகம் தருகிறது. அதன் இன்றைய மதிப்பு 1 ரூபாய் 80 பைசா. ஆகவே விலை 101.80. மூன்றாண்டுக்கு முன் 95க்கும் போகாத அதே காகிதம்தான். ஒன்றைக் கவனியுங்கள்: 2022 ஆகஸ்ட் வரை ரெப்போ 1.40 சதவீதப் புள்ளி ஏறியது, பத்தாண்டுப் பத்திரத்தின் விகிதமோ 0.72தான் ஏறியது. ரெப்போ அறிவிப்பைப் பார்த்து நேரடியாகப் பத்திர விலையைக் கணக்கிடக் கூடாது. நீண்ட காலப் பத்திரத்தின் விகிதத்தைச் சந்தையே முடிவு செய்கிறது, அறிவிப்பு வருவதற்கு முன்பே அது நகர்ந்தும் விடுகிறது.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு ஒருவர் முப்பதாண்டுப் பத்திரத்தைப் பரிந்துரைத்திருக்கிறார். அங்கேதான் எனக்குப் பதற்றம். நான் பட்ட அதே மாற்றத்தை, அதாவது 6.54 வட்டிப் பத்திரத்துக்குச் சந்தை 7.26 கேட்கும் நிலையை, வெவ்வேறு கால அளவுகளில் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஆண்டு மட்டுமே பாக்கியுள்ள பத்திரமாக இருந்தால் 36 பைசா நான்கு முறைதான் குறையும், விலை 98.68இல் நின்றிருக்கும். முப்பதாண்டு பாக்கியிருந்தால் அறுபது முறை குறையும், விலை 91.25க்குப் போயிருக்கும். வட்டி மாற்றம் ஒன்றே, பத்திரம் தருவதும் ஒரே அரசு, ஆனால் அடி 1 ரூபாய் 32 பைசாவா, 8 ரூபாய் 75 பைசாவா என்பதைப் பாக்கியுள்ள காலம் முடிவு செய்கிறது. நண்பருக்கு மூன்றாண்டுக்குள் வீட்டு வேலைக்குப் பணம் வேண்டும். வட்டி இறங்கும் இந்த நேரத்தில் விலை ஏறுவதைக் காட்டி விற்கிறார்கள்; அவர் விற்கப்போகும் ஆண்டில் விகிதம் எந்தப் பக்கம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பணத்தை இதில் போட வேண்டாம், மூன்றாண்டுக்குள் முதிர்கிற பத்திரமோ வைப்புத்தொகையோ பார்க்கட்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப உங்ககிட்ட இருக்கறதை வித்துடுவீங்களா?" என்றார். விற்க மாட்டேன். அந்த ஒரு லட்சம் எனக்கு 2032க்கு முன் தேவைப்படாது.