அரிசிக்கு ஏறும், பாதாமுக்கு இறங்கும்

உணவை எரித்து வெப்பத்தை அளக்கும் பாம் கலோரிமீட்டரில் எரித்தால் புரதம் கிராமுக்கு சுமார் 5.65 கலோரி தரும். உடம்பு அதை முழுதாக எரிப்பதில்லை; மிச்சம் யூரியாவாகச் சிறுநீரில் போய்விடும். அதனால்தான் உணவின் கலோரியைக் கணிக்க அமெரிக்க வேதியியலாளர் அட்வாட்டர் தந்த பொதுக் கணக்கு, எல்லா உணவுக்கும் கிராமுக்குப் புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9, மாவுச்சத்துக்கு 4 என்று நிற்கிறது.

இதே முறையில் தனிக்கணக்கு என்றும் ஒன்று உண்டு; அதில் இந்த எண்கள் உணவுக்கு உணவு மாறும். வெள்ளை அரிசியின் மாவுச்சத்துக்கு 4.16. நூறு கிராம் அரிசியில் புரதம் 7, மாவுச்சத்து 80 கிராம் என்றால், பொதுக்கணக்கில் சுமார் 350, தனிக்கணக்கில் 360. தனிக்கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும் என்று நினைக்கலாம்; அரிசிக்குக் கூடத்தான் செய்கிறது!

பாதாமில் நேர்மாறு. புரதத்துக்கு 3.47, கொழுப்புக்கு 8.37 என்பதால், நூறு கிராமுக்குச் சுமார் 620 கலோரி 580 ஆகிறது. அதுவும் அதிகம்தான். பாதாமின் செல்சுவர் உடையாமல் கொழுப்பு கொஞ்சம் மலத்தோடு வெளியேறுகிறது. 2012இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் ஆட்களுக்குப் பாதாம் கொடுத்து அளந்தபோது, 28 கிராமுக்குக் கிடைத்தது 129 கலோரியே. தனிக்கணக்கோ 160ஐத் தாண்டும். அரிசிக்குத் தனிக்கணக்கை நம்பலாம். முழுப் பாதாமுக்கு நான் நம்பமாட்டேன்.