வாட்சுக்குப் பின்னாடி பெயர் பொறிக்கக் கொடுக்கிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

அப்பா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் 36 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அவருக்கு ஒரு ஸ்டீல் வாட்ச் வாங்கி, பின்மூடியில் அவர் பெயரையும் கடைசி வேலை நாளின் தேதியையும் பொறித்துத் தரலாம் என்று சேலத்துக்கு இறங்கினேன். அஞ்சு ரோடு பக்கம் ஒரு பரிசுப் பொருள் கடை. கடையின் பெயரைப் போடவில்லை, நான் பட்டது போதும். ஆனால் எங்கே எப்படி ஏமாந்தேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

கடைக்காரர், "நல்லா ஆழமா செதுக்கித் தர்றோங்கண்ணா, ஆயுசுக்கும் அழியாது" என்றார். கூலி 900 ரூபாய். பெயரை வாட்சாப்பில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அதே பெயரை நாலைந்து எழுத்துருவில் வைத்துப் படம் அனுப்பினார். கொஞ்சம் வளைந்து நெளிந்து அழகாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சரி என்று சொல்லி முழுப் பணத்தையும் கொடுத்தேன். முதல் தப்பு அதுதான்.

மறுநாள் வாட்ச் கைக்கு வந்தது. அப்பா பெயர் 'பொ' என்று ஆரம்பிக்கும். மூடியில் முதலில் 'ப' இருந்தது, அதற்குப் பின்னால் கொம்பு, அதற்குப் பின்னால் கால். நடுவில் வரும் 'னு' என்பது ஒரு 'ன', பக்கத்தில் அநாதையாக ஒரு வால். புள்ளிகள் எழுத்துக்கு மேலே நிற்காமல் வலது பக்கம் ஒதுங்கியிருந்தன. தேதி மட்டும் அட்சரம் பிசகாமல் இருந்தது. எண்ணுக்கு ஏது கொம்பும் காலும்!

போய்க் கேட்டால், "நீங்க ஓகே பண்ண டிசைன்தாங்கண்ணா" என்கிறார். போனில் எனக்கு வந்த படம் சரியாகத்தான் இருந்தது. ஏனென்றால் கொம்பை எடுத்து எழுத்துக்கு முன்னால் வைப்பது போனுக்குத் தெரியும். லேசர் மெஷினை ஓட்டும் மென்பொருள் பலவற்றுக்கு அது தெரியாது. தட்டச்சு செய்த வரிசையிலேயே ஒவ்வொரு துண்டாக அடுக்கிவிடும். நமக்குக் காட்டியது ஒரு படம், மெஷினுக்குப் போனது வேறு. ஆகவே போனுக்கு வரும் மாதிரியைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். மெஷின் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் திரையைப் பாருங்கள். அதைவிட நல்லது, ஒரு தகரத் துண்டில் அதே பெயரை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்வது. எழுத்தைக் கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் அடித்து, கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, படமாகவே மெஷினுக்கு ஏற்றினால் இந்தப் பிரச்சினை வராது. தமிழ் வேலை எடுக்கிற கடைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். சண்டை போட்டதும், "குடுங்க, அழிச்சுட்டு வேற போட்டுத் தர்றேன்" என்று மூடியைக் கழற்றி உள்ளே கொண்டுபோனார். மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தின் சத்தம் கேட்டது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, வெளியே வந்தார். மூடி கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, பெயர் இருந்த தடமே இல்லை. ஆயுசுக்கும் அழியாது என்று 900 ரூபாய் வாங்கிச் செதுக்கிய எழுத்து ஐந்து நிமிஷத்தில் எப்படிப் போகும்? செதுக்கியிருந்தால்தானே!

அவர் செய்தது செதுக்கல் இல்லை, கறுப்பு மார்க்கிங். லேசரின் சூட்டால் ஸ்டீலின் மேல்பரப்பில் கறுப்பாக ஒரு ஆக்சைடு படலம் ஏறும், அவ்வளவுதான். பள்ளம் கிடையாது. பார்க்கப் பளிச்சென்று, செதுக்கியதைவிடத் தெளிவாகவே இருக்கும். அதனால்தான் ஏமாறுகிறோம். அதுவும் ஒரு முறைதான், தப்பில்லை. ஆனால் அதற்குச் செதுக்கல் கூலி வாங்குவதுதான் தப்பு. கண்டுபிடிக்க விரல் நகம் போதும். எழுத்தின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டினால், செதுக்கியதாக இருந்தால் ஓரத்தில் தட்டும். மார்க்கிங் என்றால் வழுக்கிக்கொண்டு போகும். செதுக்குவதற்கு லேசர் அதே கோட்டில் திரும்பத் திரும்ப ஓட வேண்டும், நேரம் பிடிக்கும். ஒரே ஓட்டத்தில் அரை நிமிஷத்தில் முடித்துக் கையில் கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

பஃபிங்கில் இன்னொரு நஷ்டமும் வந்தது. மூடியின் ஓரத்தில் கம்பெனி வட்டமாகப் பொறித்திருந்த எழுத்துகளும் பாதி கரைந்துவிட்டன. வாட்டர் ரெசிஸ்டன்ட் என்பதில் இப்போது 'ரெசிஸ்ட்' மட்டும் மங்கலாகத் தெரிகிறது. பளபளப்பு இல்லாமல் பட்டுப் போல மென்மையாக இருந்த மேற்பரப்பும் போனது போனதுதான். எந்தக் கடையில் பிழை வந்தாலும், எப்படி அழிப்பீர்கள் என்று கேட்காமல் மூடியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

மறுபடி அங்கேயே போட எனக்கு மனசில்லை. பாதிப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும் சந்து ஒன்றில், கையால் எழுத்து வெட்டும் ஒரு பெரியவரை நண்பன் காட்டினான். வாட்ச் மூடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுல என் உளி ஓடாதுங்க தம்பி. பொன்னு, வெள்ளின்னா கொண்டாங்க" என்று கையை விரித்தார். முடியாததை முடியாது என்று சொன்ன முதல் ஆள். அதற்காகவே அம்மாவின் மோதிரத்தைக் கழற்றி வாங்கிப்போய், உள்பக்கம் கல்யாணத் தேதி போடக் கொடுத்தேன்.

அவர் முதலில் கேட்டது, "விரலுக்குச் சரியா இருக்குதுங்களா?" மோதிரத்தைப் பெரிசாக்கவோ சிறிசாக்கவோ, பட்டையின் அடிப்பக்கத்தைத்தான் வெட்டி ஒட்டுவார்கள். எழுத்து அங்கே இருந்தால் அதோடு போய்விடும். அளவைச் சரி செய்த பிறகுதான் எழுத்து. அப்புறம் லென்ஸை வைத்து ஹால்மார்க் முத்திரையையும், பக்கத்தில் உள்ள, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக வரும் ஆறு எழுத்து ஹெச்.யு.ஐ.டி. அடையாள எண்ணையும் தேடினார். எழுத்து அதன் மேல் ஏறக் கூடாது, அந்த இடத்தை அரத்தால் தேய்க்கவும் கூடாது. நாளைக்கு விற்கவோ மாற்றவோ போனால் கேட்பது அதைத்தான். பட்டை 3 மில்லிமீட்டர் அகலம். முழுப்பெயரும் வேண்டும் என்றேன். "ஒன்றரை மில்லி உயரத்துல 'ண' போட்டா சுழியெல்லாம் அடைஞ்சு கறையாட்டம் தெரியும், பேரோட முதல் எழுத்தும் தேதியும் போதுங்க" என்றார். அதே மாதிரி போட்டார். நகம் தட்டுகிறது.

வாட்ச் மூடியை வேறொரு லேசர் கடையில் செய்தேன். இந்த முறை தடிமன் ஒரே மாதிரி இருக்கும் சாதாரண எழுத்துரு, 3 மில்லிமீட்டர் உயரம். ஸ்டீல் துண்டில் முதலில் சோதனை. அந்தப் பையன் மூடியைக் கழற்றும் முன் 12 மணிக்கு நேரே மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டான். திருகு மூடி இறுகும்போது எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அதன் நேர். அந்தக் கோட்டைப் பார்க்காமல் பொறித்தால், மூடிய பிறகு பெயர் சாய்ந்து நிற்கும். முதல் கடையில் தேதி அப்படித்தான் சாய்ந்திருந்தது, பெயர் உடைந்த கோபத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மூடும்போது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றச் சொன்னேன். ஆனாலும் அப்பா மழையில் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். கேட்டால், "பின்னாடி வாட்டர்னு எழுதியிருந்ததை அழிச்சுட்டியேடா" என்கிறார்.