14 மாதம், 46 படப் புத்தகங்கள்: கடையில் உட்கார்ந்து இந்தி கற்ற அனுபவம்

ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்துக்குப் போகும் வழியில் சங்கு, சிப்பி, பாசிமாலை விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். வயது 43. வாங்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் வடக்கிலிருந்து வரும் யாத்திரிகர்கள். கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டித்தான் இத்தனை வருடமும் வியாபாரம் நடந்தது. வலம்புரிக்கும் இடம்புரிக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர் கேட்டால் கையால் சுழற்றிக் காட்டுவேன். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல முடிந்ததில்லை. போன வருடத் தொடக்கத்தில் இந்தி கற்றே தீர்வது என்று உட்கார்ந்தேன்.

முதலில் வாங்கியது '30 நாளில் இந்தி' வகைப் புத்தகம். இருபதாவது பக்கத்தோடு நின்றுவிட்டது. அதில் சொற்கள் பட்டியலாக இருந்தன. எதுவும் மனதில் தங்கவில்லை. அண்ணன் மகள்தான் குழந்தைகளுக்கான படக் கதைகளைக் கைப்பேசியில் எடுத்து, அச்சிட்டுக் கொடுத்தாள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் இருந்து எடுத்தவை. கட்டணம் கிடையாது. கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எனக்கு மிகவும் உதவியது வேறொன்று: பல கதைகள் அதே படங்களோடு தமிழிலும் இருக்கின்றன, இந்தியிலும் இருக்கின்றன. அகராதியைப் புரட்டும் வேலை பெருமளவு குறைந்தது.

நான் அதிக நாள் வைத்திருந்தது முதல் நிலைக் கதை ஒன்று. ஒரு சிறுமி செருப்பைத் தொலைத்துவிட்டு வீடெங்கும் தேடுகிறாள், அவ்வளவுதான். பக்கத்துக்கு ஒரு வாக்கியம். 'மேரீ சப்பல் கஹான் ஹை?', அதாவது 'என் செருப்பு எங்கே?' என்று ஒவ்வொரு பக்கமும் கேட்கிறது. கட்டிலுக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், அலமாரிக்கு மேலே என்று படம் மாறிக்கொண்டே போகிறது. 'தர்வாஸே கே பீச்சே' என்பது சொல்லுக்குச் சொல் 'கதவுக்குப் பின்னால்' என்றே அமைகிறது. தமிழைப் போலவே இந்தியிலும் வினை கடைசியில் வருகிறது, 'கீழே', 'மேலே' எல்லாம் பெயருக்குப் பின்னால் வருகின்றன. அலமாரி என்ற சொல்லோ இரண்டு மொழிக்கும் போர்ச்சுக்கீசியர் கொடுத்துவிட்டுப் போனது. இப்படித் தெரிந்த தரையில் கால் வைத்து நடக்கும்போது பயம் போய்விடுகிறது.

ஒரு புத்தகத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். கோயில் நடை சாத்தியிருக்கும் மதிய வேளையில் கடையில் ஆள் வராது. அந்த அரை மணி நேரம்தான் பாடம். முதல் நாள் எழுத்தை மறைத்துப் படங்களை மட்டும் பார்ப்பேன். என்ன நடக்கிறது என்று எனக்கு நானே தமிழில் சொல்லிக்கொள்வேன். இரண்டாம் நாள் இந்தி வாக்கியங்களை வாய்விட்டுப் படிப்பேன். தமிழ்ப் பிரதியைத் திறப்பது மூன்றாம் நாள்தான், அதுவும் சந்தேகம் உள்ள பக்கத்துக்கு மட்டும். தமிழை முதலிலேயே படித்துவிட்டால் கண் இந்தி எழுத்தின் மீது நிற்பதே இல்லை. முதல் ஐந்தாறு புத்தகங்கள் அப்படித்தான் வீணாயின. வாரக் கடைசியில் மறுபடியும் எழுத்தை மறைத்துவிட்டு, படத்தைப் பார்த்து இந்தியிலேயே கதையைச் சொல்ல வேண்டும். பத்து நாள் கழித்து அதே சோதனையை இன்னொரு முறை செய்வேன். அப்போதும் வாயில் வருகிற சொல்தான் எனக்குத் தெரிந்த சொல் என்று நோட்டில் ஏறும்.

அந்த நோட்டில் ஒரு சிக்கல் வந்தது. இந்தியின் தேவநாகரி எழுத்து கைக்கு வரும்வரை தமிழ் எழுத்திலேயே குறித்து வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் 'கானா' என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்றுக்கு உணவு என்று பொருள், மற்றதற்குப் பாட்டு. 'காலீ' மூன்று இடத்தில்: கறுப்பு, காலியானது, வசவு. நம்முடைய ஒரே 'க' அங்கே நான்காகப் பிரிவதால் வந்த வினை. சுலோகப் புத்தகங்களில் எழுத்தின் தலையில் சிறிய எண் போட்டிருப்பார்களே, அதையே எடுத்துக்கொண்டேன். காலீ கறுப்பு, கா²லீ காலி, கா³லீ வசவு. மாலை வாங்க வந்தவரிடம் வசவுச் சொல்லை உச்சரித்துவிடாமல் இந்த எண்கள் காப்பாற்றின. ஆனாலும் இது தற்காலிக ஏற்பாடுதான். மூன்றாம் மாதத்தில் தேவநாகரியிலேயே எழுதத் தொடங்கிய பிறகுதான் குழப்பம் முழுதாகத் தீர்ந்தது. தொடங்குகிறவர்கள் எழுத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்பேன்.

கூச்சம் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கடை அக்கா முதல் வாரமே, "யாருக்கு வாங்கியிருக்கிறாய், பேரன் பேத்தி யாரும் இல்லையே?" என்று கேட்டார். அன்று புத்தகத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். நான்கு நாள் எடுக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். செருப்பைத் தேடும் கதையைப் படிக்கும்போது எனக்கு வெட்கமாக இல்லை. கூடவே இருந்த கைதட்டிப் பாடும் பாட்டும், வண்ணம் தீட்டும் பக்கமும்தான் உடம்பைக் கூச வைத்தன. அவற்றை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக அந்தக் குட்டிக் கதையிடம் பெரியவர்களின் கேள்வியைக் கேட்டேன். செருப்புக்கு 'மேரீ' என்று வருகிறது, பக்கத்துப் படத்தில் உள்ள ஷூவுக்கு 'மேரா ஜூதா' என்று வருகிறது, ஏன்? இந்தியில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. படங்களின் ஓரத்தில் பெண்பாலுக்குச் சிவப்பு, ஆண்பாலுக்கு நீலம் என்று பென்சிலால் புள்ளி வைத்தேன். பிறகு அதே புள்ளிகளைக் கடைச் சரக்குக்கும் ஒட்டினேன்: மாலையும் சிப்பியும் சோழியும் சிவப்பு, சங்கும் முத்தும் நீலம். பெரிய சங்குக்கு 'படா ஷங்க்', பெரிய மாலைக்கு 'படீ மாலா' என்று சொல்லிச் சொல்லி அடுக்கினேன். அக்கா அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார். அதன் பிறகு பேரன் பேச்சு எழவில்லை.

கார்ட்டூன் விஷயத்தில் என் அனுபவம் கலவையானது. தொலைக்காட்சியில் ஓடும் சாகசக் கார்ட்டூன்களைத்தான் முதலில் பார்த்தேன். துரத்தல், கத்தல், பின்னணி இரைச்சல். வில்லன் மூச்சுவிடாமல் பேசுகிறான். இரண்டு மாதத்தில் மொத்தம் 20 சொல்கூடத் தேறவில்லை. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எடுத்த கதை அது. அந்த வயதுப் பிள்ளைக்குத் தாய்மொழியில் ஆயிரக்கணக்கான சொற்கள் தெரியும், எனக்குத் தெரியாது. மூன்று, நான்கு வயதுக்கானவற்றுக்கு இறங்கி வந்தபோதுதான் காதில் ஏதோ நின்றது.

எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒலியை முழுதாக அணைத்துவிட்டு ஒரு பகுதியை ஓட விடுங்கள். கதை புரிந்தால் அது நமக்கானது. திரையில் தெரிகிற பொருளையும் செயலையும்தான் பேசுகிறார்கள் என்று அர்த்தம். தாய் குடையை எடுக்கிறாள், 'சாத்தா' என்கிறாள். சொல்லும் பொருளும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. ஒலி இல்லாமல் ஒன்றும் விளங்கவில்லை என்றால், பேச்சு திரையில் இல்லாத ஏதோ ஒன்றைப் பற்றியது. தொடக்க நிலையில் அதில் நேரம் செலவிட வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டாத பகுதியாக எடுத்து, ஒலியில்லாமல் ஒரு முறை, ஒலியோடு மூன்று முறை பார்க்கிறேன். கீச்சுக் குரலில் பேசும் பாத்திரங்கள் உள்ளதைத் தவிர்க்கிறேன். அந்தக் குரலில் க²வும் க³வும் எனக்குப் பிரிந்து கேட்பதில்லை.

இந்த முறையில் நான் பட்ட பெரிய அடி ஏழாவது மாதத்தில் வந்தது. தீர்த்தமாடிவிட்டு ஈரப் புடவையோடு வயதான அம்மா ஒருவர் கடை வாசலில் தள்ளாடி நின்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "பைடோ" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். உடன் வந்த மகனின் முகம் மாறிவிட்டது. ஒன்றும் வாங்காமலே அழைத்துப் போய்விட்டார். யாத்திரிகர்களைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் தம்பி ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, நீங்கள் 'உட்கார்' என்று சொல்லிவிட்டீர்கள், 'பைடியே' என்றிருக்க வேண்டும்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு முதிர்ந்தவரை நம் ஊரில் நான் ஒருநாளும் 'உட்கார்' என்று சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் 30 புத்தகங்களையும் எடுத்துப் பார்த்தேன். காரணம் பளிச்சென்று தெரிந்தது. குழந்தைக் கதையில் பேசுவது யார்? தாய் பிள்ளையிடம், பிள்ளை பூனையிடம், குரங்கு முதலையிடம். எல்லாம் 'தூ', 'தும்'. மரியாதைக்குரிய 'ஆப்' சில புத்தகங்களில் தாத்தாவிடம் பேசும்போது மட்டும் தலைகாட்டுகிறது. கார்ட்டூனிலும் இதே கதைதான். ஆக, ஏழு மாதமாக நான் வாயில் பழக்கியது முழுக்க 'நீ, வா, போ'. புத்தகத்தின் மீது குற்றமில்லை, அது பிள்ளைக்காக எழுதியது.

பிறகு ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டாம் முறை எடுத்து, ஏவல் வாக்கியங்களை எல்லாம் பெரியவரிடம் சொல்வதுபோல் மாற்றிச் சொன்னேன். பார் என்னும் 'தேகோ', 'தேகியே' ஆகிறது. வா என்னும் 'ஆவோ', 'ஆயியே' ஆகிறது. பெரும்பாலானவை இப்படி நேராகப் போகின்றன. நான்கு மட்டும் வளைகின்றன: எடுத்துக்கொள் என்னும் 'லோ', 'லீஜியே' ஆகிறது, கொடு என்னும் 'தோ', 'தீஜியே', செய் என்னும் 'கரோ', 'கீஜியே', குடி என்னும் 'பியோ', 'பீஜியே'. கடைக்காரருக்கு நாள் முழுக்க வேண்டியவை இந்த நான்குதான். ஒரு மாதம் இதற்கே போனது. முதல் புத்தகத்திலிருந்தே இரண்டு வடிவத்தையும் சேர்த்துப் படித்திருந்தால் அந்த அம்மா வருத்தத்தோடு போயிருக்க மாட்டார்.

இப்போது நோட்டில் 610 சொற்கள் இருக்கின்றன. முதல் நிலைப் புத்தகத்தைத் திறந்தால் புதிதாக இரண்டு, மூன்று சொற்கள்தான் கிடைக்கின்றன, அதனால் இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டேன். பொருள்களின் பெயர், நிறம், இடம், அளவு, அன்றாட வினைகள் எல்லாம் தயக்கமில்லாமல் வருகின்றன. வலம்புரியை எடுத்துக் காட்டி, இது வலப்பக்கம் திரும்புகிறது, அது இடப்பக்கம் என்று இந்தியிலேயே சொல்கிறேன்.

விலைதான் இன்னும் தடுக்கிறது. படப் புத்தகங்கள் பத்து வரை எண்ணிக் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. இந்தியில் நூறு வரைக்குமான எண்கள் நம் எண்களைப்போல் பத்தையும் ஒன்றையும் சேர்த்தால் வந்துவிடுவதில்லை; பெரும்பாலும் ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். அதோடு, வாடிக்கையாளர் 150 ரூபாயை 'டேட் ஸௌ' என்கிறார், 250ஐ 'டாயீ ஸௌ' என்கிறார். ஒன்றரை நூறு, இரண்டரை நூறு என்று அர்த்தம். எந்த யானைக் கதையிலும் இவை கிடைக்கவில்லை. கடையில் உள்ள மாலைகளின் விலைச் சீட்டுகளில் எண்ணுக்குக் கீழே தேவநாகரியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அதைப் படித்துப் பார்த்து, தப்பாக இருந்தால் திருத்துகிறார்கள்.

போன வாரம் பக்கத்துக் கடை அக்கா, தானும் தொடங்கலாமா என்று கேட்டார். செருப்புக் கதையை அச்செடுத்துக் கொடுத்தேன். எழுத்தை மறைக்கக் காகிதப் பட்டை வெட்டி உள்ளே வைத்து, 'தேகோ' வருகிற இடங்களில் எல்லாம் பக்கத்திலேயே 'தேகியே' என்றும் எழுதியிருக்கிறேன்.