பங்கு ஓடியும் ஸ்ட்ராடில் நட்டம்: மூன்று வருட அனுபவம்

கணக்கு டொரோண்டோவில் இருக்கும் அண்ணாவுடையது. விலைகளைக் கொப்பியில் குறித்து வைப்பது கல்லடியில் இருக்கும் நான். நியூயோர்க் சந்தை நமக்கு இரவு 7 மணிக்கோ 8 மணிக்கோதான் திறக்கும் என்பதால் வேலை முடிந்து வந்து பார்க்க வசதி. வாங்குவது ஸ்ட்ராடில், அதாவது பங்கு ஏறினாலும் இறங்கினாலும் பெரிதாக அசைந்தால் லாபம் தரும் ஒப்ஷன் சோடி. அதை நிறுவனங்களின் காலாண்டு முடிவு வரும் நாட்களில் மட்டும் வாங்குவோம். முடிவு நல்லதா கெட்டதா என்று தெரியாது, ஆனால் பங்கு நன்றாக அசையும் என்று தெரியும். அதற்குத்தானே இந்த முறை என்று நினைத்தோம்.

முதல் வருடத்தில் கொப்பியில் எழுதிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மென்பொருள் நிறுவனப் பங்கு 100 டொலர். ஒப்ஷன் காலாவதிக்கு ஒரு கிழமை இருந்தது. பங்கை 100 டொலருக்கு வாங்கும் உரிமையான கோல் 4 டொலர், அதே 100 டொலருக்கு விற்கும் உரிமையான புட் 4 டொலர். இரண்டும் சேர்ந்ததுதான் ஸ்ட்ராடில். ஒரு ஒப்பந்தம் 100 பங்குக்கு என்பதால் மொத்தம் 800 டொலர். முடிவு நம் நேரம் அதிகாலை ஒன்றரைக்குப் பிறகு வந்தது. மறுநாள் இரவு பங்கு 105இல் திறந்தது. அண்ணா சந்தோஷமாக அழைத்தார். திரையில் கோல் 5.30, புட் 0.30. கையில் 560தான். பங்கு ஒரே நாளில் 5 வீதம் ஏறியும் 240 டொலர் போய்விட்டது.

காரணம் ஐவி, அதாவது ஒப்ஷன் விலைக்குள் இருக்கும் அசைவு எதிர்பார்ப்பு. முடிவு வரும்வரை எல்லோரும் அசைவை எதிர்பார்ப்பதால் ஒப்ஷன் விலை வீங்கியிருக்கும். செய்தி வெளிவந்ததும் அந்த வீக்கம் ஓரிரவில் வற்றிவிடும். நாங்கள் கொடுத்த 8 டொலர், பங்கு ஏறக்குறைய 8 வீதம் அசையும் என்று சந்தை ஏற்கெனவே போட்டு வைத்த விலை. 5 வீதம் அதற்குப் போதவில்லை.

கோலையும் புட்டையும் ஒரே விலையில் அல்லாமல், பங்கு விலைக்கு மேலும் கீழுமாக வாங்குவது ஸ்ட்ராங்கிள். அது மலிவு என்று அடுத்து அதற்குப் போனோம். அதே மென்பொருள் பங்கின் அன்றைய விலையில் பார்த்தால் 95 புட்டும் 105 கோலும் தலா 2 டொலர், மொத்தம் 400. ஆனால் பங்கு 105க்கு வந்தபோது அந்தக் கோல் 1.75, புட்டில் ஒன்றுமே மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் நட்டம். செலவு குறைவு என்பது உண்மை, ஆனால் அசைவு இன்னும் பெரிதாக வேண்டும்.

இப்போது வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கணக்குப் போடுகிறோம். ஸ்ட்ராடில் விலையைப் பங்கின் விலையால் வகுத்து வீதமாக்குவேன். பக்கத்தில் அந்த நிறுவனத்தின் கடைசி எட்டு முடிவுகளுக்கு மறுநாள் பங்கு எத்தனை வீதம் அசைந்தது என்று எழுதுவேன். பழைய அசைவுகளில் பெரும்பாலானவை ஸ்ட்ராடில் வீதத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் அண்ணாவுக்குச் சொல்வேன். எட்டு முடிவு சிறிய எண்ணிக்கைதான், அதனால் தவறும் நடக்கிறது. ஆனாலும் பெரும்பாலான நாட்களில் கணக்கு "வேண்டாம்" என்றே சொல்கிறது, சரி என்று விட்டுவிடுகிறோம்.

வாங்கிய கோலையும் புட்டையும் மறுநாளே சேர்த்து விற்றுவிடுகிறோம். திறந்தவுடன் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கும். கால் மணி நேரம் பொறுத்து, இடைவெளி சுருங்கியதும், சொன்ன விலைக்குக் குறையாமல் விற்கும் லிமிட் ஓர்டர் போடுகிறார் அண்ணா.